மூன்றில் ஒரு பங்கு

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் அந்த ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. வகுப்புக்கு வகுப்பு, ஆண்டுக்கு ஆண்டு அது கைமாறி வந்தது. அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். பெயர் வரக் காரணம், வெட்டிச் சுருக்கச் சொல்லும் ஒரே ஒரு வினா. 'கீழ்க்காணும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிச் சொந்த நடையில் எழுதுக.' செய்யுளும் இலக்கணமும் எப்படியோ கரையேறிவிடும். இந்த ஐந்து மதிப்பெண் வினாதான் வருடம் முழுக்க அவர் உயிரை வாங்கும்.

ஒருவன் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் எழுதிவிட்டு முடிந்தது என்பான். இன்னொருத்தி மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது வாக்கியங்களைப் பொறுக்கி எழுதி, "மூணுல ஒண்ணுதானே டீச்சர் கேட்டிருக்கு" என்பாள். அதில் என்ன தவறென்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் மணி அடித்துவிடும். பத்தியைவிட நீளமாகச் சுருக்கம் எழுதுபவர்களும் உண்டு. பத்தியில் இல்லாத அறிவுரையைத் தன் பங்குக்குச் சேர்த்து, 'ஆகவே நாமும் இதைப் பின்பற்றுவோம்' என்று முடிப்பவர்களைக் கண்டால்தான் அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அவர் சொல்லித் தந்த முறை எளிது. பத்தியை இரண்டு முறை படி. என்ன சொல்ல வருகிறது என்று ஒரே வரியில் உனக்கு நீயே சொல்லிப் பார். எடுத்துக்காட்டு, உவமை, சொன்னதையே திரும்பச் சொல்வது, இவற்றைத் தள்ளு. மிஞ்சிய கருத்துகளை மட்டும் குறித்துக்கொண்டு பத்தியைக் கையால் மூடிவிடு. மூடியபின் எழுது. பிறகு சொற்களை எண்ணிப் பார். கையால் மூடச் சொல்வதுதான் அவருடைய தனி வழி. கண்ணில் படும் வாக்கியத்தைக் கை எழுதாமல் விடாது என்பது அவர் கண்ட உண்மை.

வீட்டில் நிலைமை இதற்கு நேர்மாறு. கணவர் மின்சாதனக் கடை வைத்திருந்தார். ஒரு பல்பு வாங்க வந்தவரின் கதையை அவர் சொல்லத் தொடங்கினால் பல்பு வருவதற்குள் அந்த ஆளின் மாமனார், மச்சான், அவர்கள் கட்டிய வீடு, வீட்டில் ஒழுகிய கூரை எல்லாம் வந்துவிடும். "என்னங்க, விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி ஆசிரியைக்கு வாய் வலித்துவிட்டது. கணவரோ, "உன்கிட்ட பேசினா பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்று சிரிப்பார்.

அந்த ஆண்டு பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவருக்கும் அழைப்பு வந்தது. வேறொரு பள்ளியின் பெரிய கூடத்தில் நீள நீளமான மேசைகள். மின்விசிறி சுழன்றால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலையும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சுருட்டை முடி வைத்த இளம் ஆசிரியை. அவரைக் கூடத்தில் எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். கை வேகமானவர். கட்டுக் கட்டாகத் திருத்தித் தள்ளிவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போவதில் குறியாக இருந்தார்.

முதல் நாள் காலை விடைக்குறிப்பைக் கொடுத்தார்கள். சுருக்க வினாவுக்கான மாதிரி விடையைப் படித்ததும் கத்தரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பத்தி, இரவில் எரியும் தெருவிளக்குகளைப் பற்றியது. எழுபத்தைந்து சொல். விளக்குகளால் மக்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பறவைகள் வழி தவறுகின்றன, பூச்சிகள் மடிகின்றன, மனிதர்களின் உறக்கம் கெடுகிறது. விளக்குகளை அணைக்க வேண்டாம், ஒளியைத் தரைப் பக்கம் திருப்பி, வேண்டிய அளவுக்கு எரியவிட்டால் போதும். இதுதான் அதன் சாரம். மாதிரி விடையோ இப்படி இருந்தது:

'நகரங்கள் இரவு முழுவதும் விளக்கொளியில் மூழ்கிக் கிடக்கின்றன. வலசை செல்லும் பறவைகள் இந்த ஒளியைக் கண்டு திசை தடுமாறுகின்றன. ஆகவே, தெருவிளக்குகளின் ஒளி தரையை நோக்கி மட்டுமே விழும்படி அவற்றை மூடி அமைத்தல் நலம்.'

மூன்றும் பத்தியிலிருந்து எழுத்து மாறாமல் பெயர்த்தவை. பூச்சியும் இல்லை, மனிதரும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. எண்ணிப் பார்த்தார். சரியாக இருபத்தைந்து சொல். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கீழே ஒரு குறிப்பு வேறு: 'இவ்விடையோடு ஒத்துவரும் வாக்கியங்களுக்கு மட்டும் மதிப்பெண் வழங்குக.'

முதல் கட்டைப் பிரித்தார். மூன்றாவது தாளிலேயே ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'இரவு முழுதும் எரியும் விளக்குகள் பாதுகாப்புத் தந்தாலும் பறவை, பூச்சி, மனிதர் என எல்லா உயிர்களையும் பாதிக்கின்றன. அவற்றை அணைக்கத் தேவையில்லை. ஒளி தரையில் மட்டும் விழுமாறு மூடி, தேவையான அளவே எரியவிட்டால் போதும்.' இதுவும் இருபத்தைந்து சொல். எங்கோ ஒரு வகுப்பில் யாரோ ஒருவர் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இந்தப் பிள்ளையும் காதில் வாங்கியிருக்கிறது. குறிப்பின்படி இதற்குப் போட வேண்டியது சுழி.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலைமைத் தேர்வாளரிடம் போனார். தலைமைத் தேர்வாளர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து தாள் காணோம், கட்டு மாறிவிட்டது, குடிநீர் வரவில்லை என்று ஆளாளுக்கு வந்து நின்றதில் அவர் முகம் ஏற்கெனவே சுண்டிப்போயிருந்தது. சொல் கணக்கு சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார். கத்தரி டீச்சர் விளக்கத் தொடங்கினார். வினாவின் நோக்கத்திலிருந்து தொடங்கி, தான் பல வருடமாகப் பட்ட பாட்டுக்கு வந்து, பாடநூலில் உள்ள விதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அதைப் பேசி முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"டீச்சர், எதுவானாலும் எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். சுருக்கமா எழுதுங்க, நீளமா இருந்தா அங்க யாரும் படிக்க மாட்டாங்க."

சுருக்கமாக எழுதச் சொல்லித் தனக்கே ஒருவர் பாடம் எடுத்ததில் அவர் காது சூடேறியது. மேசைக்கு வந்து மூச்சுப் பிடித்துக்கொண்டு எழுதினார். இரண்டு பக்கம் நிரம்பியது. சுருட்டையிடம் நீட்டினார். சுருட்டை பாதிப் பக்கம் படித்துவிட்டு, ஒரு கண்ணைத் தன் கட்டின் மேலேயே வைத்தபடி கேட்டார்:

"நல்லாதான் இருக்கு டீச்சர். ஆனா இதுல உங்களுக்கு என்ன வேணும்னு எங்க எழுதியிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில், 'வெட்கக்கேடு' என்ற சொல்லுக்கும் 'எதிர்காலத் தலைமுறை' என்ற தொடருக்கும் நடுவில் அது நசுங்கிக் கிடந்தது. 'வெட்கக்கேடு' மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் தாளைக் கிழித்தே கொடுத்திருப்பார்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் எழுந்து போனபின் அவர் மட்டும் உட்கார்ந்தார். எழுதியதை மறுபடி படித்தார். கோபத்தை அடித்தார். தன் அனுபவத்தை அடிக்க மனம் வரவில்லை. யாருக்கு வேண்டும் அது என்று கேட்டுப் பார்த்து அதையும் அடித்தார். அந்தப் பிள்ளையின் விடை ஓர் எடுத்துக்காட்டுதான். அதை அடித்தபோதுதான் உண்மையில் வலித்தது. மிஞ்சியதை மனதில் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார்:

'வினா, பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சொந்த நடையில் சுருக்கச் சொல்கிறது. மாதிரி விடையோ பத்தியின் மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்திருக்கிறது. பூச்சி, மனிதர், பாதுகாப்பு என்ற கருத்துகள் அதில் இல்லை. இதைக் கொண்டு திருத்தினால் சொந்தமாக எழுதியவர் மதிப்பெண் இழப்பார். விடைக்குறிப்பை மாற்றக் கோருகிறேன்.'

தலைமைத் தேர்வாளர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து பத்தியையும் மாதிரி விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் கோடு பிடித்துப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். அவ்வளவுதான். உடனே மேலிடத்துக்குத் தொலைபேசியில் அதை வாசித்தும் காட்டினார்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. தலைமைத் தேர்வாளர் கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தார்: சுருக்க வினாவுக்குக் கருத்துகள் அனைத்தையும் சொந்த நடையில் எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் வழங்கலாம்; ஏற்கெனவே திருத்திய தாள்களில் அந்த வினாவை மட்டும் மீண்டும் பார்க்கவும்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. திருத்தி அடுக்கிய கட்டுகளை எல்லாம் திரும்பப் பிரிக்க வேண்டும். யார் எழுதிக் கொடுத்தது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுருட்டை தன் முன்னால் இருந்த கட்டு மலையைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். கட்டின் நாடாவைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் அவிழ்த்தார்.

கத்தரி டீச்சரின் மண்டைக்குள் அந்த 'உம்' மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எழுதியவர்களுக்கும். அப்படியானால் பெயர்த்து எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் எப்போதும் போல உண்டு. தவறை யாரும் தவறென்று சொல்லவில்லை, சரியையும் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி போய்க் கேட்கலாமா என்று எழுந்தார். கூடத்திலிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முதல் கட்டைத் தேடி எடுத்து அந்த மூன்றாவது தாளில் ஐந்து போட்டார். அதற்கு அடுத்த தாள் மாதிரி விடையை அச்சாக ஒத்திருந்தது. பேனா நகர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் ஐந்து போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்தே என்ன ஆச்சு என்றார். அவர் சொல்லத் தொடங்கினார். வியர்வையில் கலைந்த மை, தொலைபேசி, சுருட்டை அவிழ்த்த நாடா, எதையும் விடவில்லை. கடையைத் திரும்பத் திறக்கப் போக வேண்டிய மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட விஷயத்துக்கு வா என்று சொல்லவில்லை.

பள்ளி திறந்த பிறகு புது வகுப்பில் முதல் தடவை அந்த வினாவை நடத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அண்ணன் போன வருடம் தேர்வு எழுதியவன். பத்தியிலிருந்து அப்படியே எழுதினவனுக்கும் முழு மார்க் போட்டார்களாமே, உண்மையா என்று கேட்டாள்.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"போட்டாங்க. நானே போட்டேன்."

"அப்போ நாங்க எதுக்கு டீச்சர் கஷ்டப்படணும்?"

அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். சொல்ல நிறைய இருந்தது. குறைந்தது இரண்டு பக்கம் வரும்.

"அந்த மூணு வாக்கியத்தை எடுத்து எழுதினவனை, அந்தப் பத்தி எதைப் பத்தினு அன்னைக்குச் சாயங்காலம் கேட்டிருந்தா பறவையைப் பத்தினு சொல்லியிருப்பான். அது பறவையைப் பத்தி இல்லைம்மா. உட்காரு. எல்லாரும் பத்தியை ரெண்டு தடவை படிங்க."

படித்தார்கள். பிறகு முனகிக்கொண்டே கையால் பத்தியை மூடினார்கள். அவர் மேசைகளுக்கிடையே நடந்தார். இரண்டாம் வரிசையில் ஒருவன் விரல்களை அகல விரித்து, இடுக்கு வழியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.