முப்பது பாகம்

மேர்சி ரீச்சருக்குக் கடல் ஒத்துவராது. நெடுந்தீவில் படிப்பிக்கத் தொடங்கி ஆறாவது வருடம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்போதே முகம் பச்சையாகும். பையில் மணக்க ஒரு தேசிக்காய், சத்தி வந்தால் எடுக்க இரண்டு சொப்பிங் பைகள். வீடு சுருவிலில். ஊர்காவற்றுறைப் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தால் சைக்கிளிலேயே போய்விடலாம். அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

"பாடத்தைப் பாத்திட்டுத்தான் எழுதுவன்" என்றார் மாற்றத்துக்குச் சிபாரிசு எழுதவேண்டிய கணித ஆலோசகர் இலட்சுமணன். அவருக்கும் கடல் ஒத்துவராது. ஆனால் அதை யாரிடமும் சொல்லுவதில்லை.

மேர்சி செய்முறைப் பாடம் ஒன்றை எடுத்தார். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் ஒரு தொலைபேசிக் கோபுரம். மதிலடியில் நின்று அதன் உச்சியின் ஏற்றக்கோணத்தை அளப்பது. உயரம் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடுவது. உயரத்தை முதல்நாளே கோபுரக் காவலாளி பஸ்ரியாம்பிள்ளையிடம் கேட்டாயிற்று. முன்பு கடலுக்குப் போனவர்.

"முப்பது" என்றிருந்தார் அவர். "மேலை ஏறினவங்கள் விட்ட கயித்தை நானே அளந்தனான்."

அன்று காலை இலட்சுமணன் வெளிறிய முகத்தோடு வந்து கதிரையில் அமர்ந்தார். பிள்ளைகள் பாகைமானியில் குழாயை ஒட்டி, நடுவில் நூலில் பாரத்துக்கு ஒரு இரும்புச் சுரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்சிகா குழாய்க்குள்ளால் கோபுர உச்சியைப் பார்த்தாள்.

"அறுபத்து மூண்டு, ரீச்சர்."

"நூல் நேர கீழ தொங்குது. தொண்ணூறிலை இருந்து கழி."

"இருபத்தேழு."

"இனி உயரம். உன்ர கண் நிலத்திலையோ கிடக்கு?"

"இல்லை ரீச்சர். ஒண்டரை மீற்றர் உயரத்திலை."

"அப்ப முப்பதிலை அதைக் கழி."

இருபத்தெட்டரை. அதை இருபத்தேழு பாகையின் தாஞ்சனால், அதாவது tan பெறுமானமான 0.5095ஆல், வகுத்தார்கள். ஐம்பத்தாறு மீற்றர். மேர்சி கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"வடிவு" என்றார் இலட்சுமணன். "இப்ப நாடாவாலை அளந்து காட்டும்."

மேர்சி இதை முன்கூட்டிச் செய்து பார்த்திருக்கவில்லை. பஸ்ரியாம்பிள்ளை கோபுரத்தடிக் கம்பிவேலிக் கதவைத் திறந்துவிட்டார். தீவில் கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரை ஒன்று நாடாவின் நடுவில் ஏறி நின்றது. அதைத் துரத்தி அளந்து முடித்தார்கள்.

தொண்ணூற்றொரு மீற்றர்.

மேர்சியின் முகம் படகில் இருப்பதுபோல் ஆனது.

"குதிரை இழுத்திருக்கும், சேர்" என்றான் பின்வரிசை ஜெனுஷன்.

"முப்பத்தைஞ்சு மீற்றரோ?" என்றார் இலட்சுமணன். "கோபுரம் முப்பது மீற்றர் எண்டு ஆர் சொன்னது?"

எல்லாரும் காவலாளியைப் பார்த்தார்கள்.

"மீற்றரோ? நான் எப்ப மீற்றர் எண்டனான்? முப்பது பாகம்!" பஸ்ரியாம்பிள்ளை இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "கயித்தை மீற்றரிலை ஆர் அளக்கிறது?"

இலட்சுமணன் உற்சாகமாக எழுந்தார். "பாகம் எண்டால் ஆறடி. முப்பது பாகம் ஐம்பத்தைஞ்சு மீற்றர் வரும். போடுங்கோ!"

பிள்ளைகள் போட்டார்கள். நூற்றைந்து மீற்றர்.

இப்போது கணக்கு மறுபக்கம் தாண்டிவிட்டது. இலட்சுமணன் திரும்பவும் கதிரையில் இருந்தார். மேர்சி கோபுரத்தைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், இன்னும் கையை மடக்காமல் நின்ற பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தார்.

கம்சிகா மெல்லச் சொன்னாள்: "ரீச்சர், அண்ணைக்குக் கை கட்டை."

"ஆருக்கடி கட்டை? இந்தக் கையாலை சுறா இழுத்தனான்!"

"அப்பிடியே நில்லுங்கோ, அண்ணை" என்றார் மேர்சி. "அசையாதேங்கோ."

விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை நாடா பிடித்தார். ஒரு மீற்றர் அறுபது. முப்பது தடவை நாற்பத்தெட்டு மீற்றர். கண் உயரம் போக நாற்பத்தாறரை. தாஞ்சனால் வகுத்தபோது தொண்ணூற்றொன்று வந்தது.

பிள்ளைகள் கத்திய கத்தில் குதிரை ஓடிவிட்டது. இலட்சுமணன் கை தட்டினார். பஸ்ரியாம்பிள்ளை, "என்ர அளவு பிழைச்சதில்லை" என்றபடி கையை மடக்கினார்.

இடமாற்றம் அடுத்த தவணையே வந்தது. அனலைதீவுக்கு.

மேர்சி இலட்சுமணனுக்குத் தொலைபேசியில், "சேர், நான் ஊர்காவற்றுறை எல்லோ கேட்டனான்?" என்றார்.

"அனலைதீவும் ஊர்காவற்றுறைக்குப் பக்கம்தானே."

"இடையிலை கடல், சேர்."

"ஓம், ஓம். எண்டாலும் கிட்டத்தானே. அங்கையும் கோபுரம் ஒண்டு நிக்குது. உம்மைமாதிரிச் செய்முறை செய்யிறதுக்கு ஆளில்லை. நல்லாத்தான் எழுதிவிட்டனான்."

அனலைதீவில் இறங்கிய மேர்சி முதலில் முகம் கழுவினார். பிறகு நேரே கோபுரத்தடிக்குப் போய்க் காவலாளியிடம் உயரம் கேட்டார். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை" என்று பையிலிருந்து நாடாவை எடுத்தார் மேர்சி. "முதல் கையை விரியுங்கோ."