தலைப்புக்குப் பத்துப் பங்கு

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கூட்டல்’ என்று பெயர். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு இலவசமாக உதவும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. பதினோரு வருடமாக அங்கே வரவு செலவு பார்ப்பவள் அவள்தான். டீ கணக்கைக்கூட இரண்டு முறை கூட்டுவாள். பெற்ற தாயே வந்து கேட்டாலும் ரசீது இல்லாமல் பைசா பெயராது.

அந்த வருடம் வீடியோ சேனல் தொடங்குவதாக முடிவானது. பேச ஆள் தேடி அலைந்து, கடைசியில் அதையும் அவள் தலையில் கட்டினார்கள். படிவத்தோடு அலுவலக ஜன்னலில் வந்து நிற்பவர்களுக்குத் தினமும் சொல்வதைக் கேமரா முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேண்டவே வேண்டாம் என்று பிகு பண்ணினாளே தவிர, உள்ளுக்குள் ஓர் ஆசை. அண்ணன் பார்ப்பான்.

அண்ணன் தூரத்து ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஞாயிறு தவறாமல் ஒரு மணி நேரம் போனில் பேசுவார்கள். அதில் பாதி சண்டை. அவளுக்கு வாக்கியத்துக்கு ஒரு ‘புரியுதா?’ போடும் பழக்கம். “புரியுது, நிறுத்தித் தொலை!” என்று அவன் கத்துவான். இரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து, உயிர் பிழைத்தான். காது இரண்டும் போயின. அதோடு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. இப்போது ‘சாப்பிட்டாச்சு’, ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதி அனுப்புவதோடு சரி. அவன் பழையபடி தன்னைத் திட்டமாட்டானா என்று அவள் ஏங்கிப் போயிருந்தாள்.

சோதனைக்கு எடுத்த முதல் வீடியோவை அவனுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: ‘வாய் அசையுது. ஒண்ணும் தெரியல. இளைச்சுட்ட.’

அன்றே பட்ஜெட்டைத் திருத்தி எழுதினாள். மொத்தம் நூறு பங்கென்றால் கருவிகளுக்கு நாற்பது, எடிட்டிங்குக்கு முப்பத்தைந்து, விளம்பரத்துக்குப் பதினைந்து. மீதிப் பத்து, பேசுவது திரையின் கீழே எழுத்தாக ஓடுவதற்கு. அதற்குத் தமிழில் என்ன பெயர் போடுவதென்று தெரியாமல், ‘கேப்ஷன்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, அதில் இருந்தபடி ‘தலைப்பு’ என்று எழுதிவைத்தாள்.

கூட்டத்தில் பொருளாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். வங்கியில் ஓய்வு பெற்றவர். பேனாவுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

“தலைப்புக்குப் பத்துப் பங்கா? இருபத்துநாலு வீடியோ, இருபத்துநாலு தலைப்பு. டீ குடிக்கிற நேரத்துல நானே எழுதித் தரேம்மா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, பத்தையும் விளம்பரத்தில் சேர்த்தார். “விளம்பரம் போட்டாத்தானே நாலு பேர் பார்ப்பாங்க?”

“சார், நான்தான் தப்பா எழுதிட்டேன். அது தலைப்பு இல்ல. பேசப் பேச கீழ ஓடுற எழுத்து. வீடியோவுக்கு ஆறு நிமிஷம், மொத்தம் நூத்தி நாப்பத்துநாலு நிமிஷம். நிமிஷக் கணக்குலதான் கூலி. புரியுதா சார்?”

“அதைக் கம்ப்யூட்டரே சும்மா போடுமாமே?”

அவள் சோதனை வீடியோவை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் போட்ட எழுத்தைக் காட்டினாள். வாரிசுச் சான்றிதழ் என்று அவள் சொன்ன இடத்தில் ‘அரிசிச் சான்றிதழ்’ என்று ஓடியது.

“நாளைக்கு அரிசிக்குச் சான்றிதழ் கேட்டு நம்ம ஜன்னல்லதான் வந்து நிப்பாங்க. ஆள் உக்காந்து திருத்தணும் சார்.”

“சரி, காது கேக்காதவங்க எத்தனை பேர் இதைப் பார்க்கப் போறாங்க?”

“எங்க அண்ணன் பார்ப்பான்,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. கணக்குப் பேசும்போது அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

பொருளாளர் பேனாவை மூடிக்கொண்டு, தணிந்த குரலில், “விளம்பரத்தைக் குறைக்க மாட்டேன். பத்துக்கு எங்க போவே?” என்றார்.

“ரெண்டாவது கேமரா வேண்டாம். கருவிக்கு முப்பது போதும். மைக்ல மட்டும் கைவைக்காதீங்க, சத்தம் சரியில்லன்னா எழுதறவங்களும் தப்பா எழுதுவாங்க.”

மறுமாதம் முதல் வீடியோ எழுத்தோடு வெளிவந்தது. அண்ணனின் பதில் இம்முறை நீளமாக இருந்தது: ‘எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா யாரோ பேசற மாதிரி இருக்கு. உன் புரியுதா எங்க?’

அவள் எழுத்து போடுபவளிடம் ஓடினாள்.

“அது சும்மா வர்ற வார்த்தை, அக்கா. படிக்கிறவங்களுக்கு இடைஞ்சல்னு எடுத்துடுவோம்.”

“எத்தனை எடுத்தே?”

“இருபத்திமூணு.”

“இருபத்திமூணையும் போடும்மா. நிமிஷத்துக்குத்தானே கூலி, வார்த்தைக்கு இல்லையே?”

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பு வழக்கமாக அவர்கள் போனில் பேசிய நேரம். திருத்திய வீடியோவை அனுப்பிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறு நிமிடம் ஆனது. ஏழாவது நிமிடம் போன் அதிர்ந்தது.

‘புரியுது, நிறுத்தித் தொலை!’