ஒருத்திக்காக ஊருக்கே போட்ட பதிவு

அந்தப் பதிவை ஊருக்கே போட்டேன். ஆனால் எழுதியது ஒருத்திக்காகத்தான்.

அடையாறில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்துத் திருத்தும் குழு எங்களுடையது. ஆறு பேர். அதில் ஒரு பெண் கல்யாணமாகிப் புனேவுக்குப் போகிறாள் என்று தெரிந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ரெஃபர் பண்ணுங்க. உங்க பேஜ்லயும் போடுங்க. சம்பளம், கிளையண்ட் பேரு மட்டும் எழுதாதீங்க" என்றார். தெரிந்தவர் என்றதும் எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த முகத்தைச் சுற்றி மூன்று மாதமாக ஒரு பச்சை வளையம் இருந்தது. வேலை, தொழில் தொடர்புகளுக்கான அந்த இணையதளத்தில் வேலை தேடுகிறவர்கள் தங்கள் படத்தில் மாட்டிக்கொள்ளும் வளையம். அவள் வேலை பார்த்த சின்னப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று அங்கே அவள் எழுதியிருந்ததிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவள் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் வாழ்த்து, பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம், அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம் இருந்தது.

அவளைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தெரியும். அசோக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என் பக்கத்து மெஷின். டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸானதும் அவளுக்குத் தி. நகரில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து புதன்கிழமை பேப்பரின் வேலை விளம்பரங்களில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் அவள் குரல். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. உள்ளேகூட வரவில்லை.

"இன்னாடி, தூங்குறியா? எங்க டீம்ல ஒரு சீட்டு காலியாவுது. நாளைக்குப் பத்து மணிக்கு நீ வர்றே. உன்னைப் பத்தி சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். சர்ட்டிபிகேட்டு, ரெண்டு போட்டோ எடுத்துக்கோ."

"உள்ள வந்து ஒரு வாய் மோராவது குடிச்சுட்டுப் போயேன்மா" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

"நேரமில்ல மாமி. ரெண்டு மணிக்குள்ள சீட்ல இருக்கணும்."

திரும்பி ஓடினாள். நான் அப்படித்தான் வேலைக்குப் போனேன். இன்றைக்கு வரைக்கும் நான் சாப்பிடும் சோறு அந்த அரை மணி நேர வெயிலில் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அங்கே இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வேலை. ஒருத்தி மூலப் பிரதியை உரக்கப் படிப்பாள், கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சேர்த்து. இன்னொருத்தி கையில் ப்ரூஃபை வைத்துக்கொண்டு பேனாவால் பின்தொடர்வாள். அவள் படிப்பாள், நான் பார்ப்பேன். ஐந்து வருடம் அப்படி. சிறுநீரகம், தவளை, தண்டவாள இரும்பு என்று எதைப் படித்தாலும் அவள் குரல் ஒரே மாதிரி இருக்கும். வேண்டுமென்றே ஒரு தடவை நடுவில், என்னைக் கிண்டலடித்து, "இந்த மாமிக்குப் பசிக்குது கமா" என்று சேர்த்துப் படித்தாள். நான் சிரித்த சிரிப்பில் ஹாலே திரும்பியது. இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். சில சாயங்காலங்களில் காதில் அந்தக் கமா கேட்காதா என்று இருக்கும்.

என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது கவர்களில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பெயரையும் எழுதிவிட்டேன். பார்த்துவிட்டாள்.

"எனக்கும் ஸ்டாம்ப் ஒட்டலாம்னு பாத்தியா? போஸ்ட்ல வர்ற பத்திரிகை ஊருக்கு. அதை வச்சுக்கிட்டு எங்க வீட்ல யாரும் கிளம்ப மாட்டோம். வேணும்னா வீட்டுக்கு வந்து கூப்பிடு."

தினமும் பக்கத்தில் உட்காருகிறவள்தான். இருந்தாலும் நானும் அம்மாவும் குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கோடு அசோக் நகர் போய் அழைத்தோம். முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

பிறகு அவளுக்கும் கல்யாணம், குழந்தைகள், படுத்த படுக்கையான மாமியார். தொண்ணூறுகள் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டாள். பல வருடம் கழித்து வடக்கு மாடவீதியில் எதிர்ப்பட்டபோது, அவள் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாவம்டி நீ" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் மாறியது. "எனக்கு என்ன பாவம்?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் இந்தக் கைகூப்பும் படங்கள்.

அதனால் பயந்தேன். நேரே கூப்பிட்டு "வேலை இருக்கு, வா" என்றால் பிச்சை போடுவதாக நினைப்பாளோ என்று பயம். பதிவாகப் போட்டால் கௌரவமாக இருக்கும், அவளாகவே கேட்ட மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று தடவை அடித்து எழுதினேன். 'எங்கள் குழுவில் ஒரு இடம் காலியாகிறது. அச்சுக்கு முன் கடைசித் திருத்தம் பார்க்கும் வேலை. ப்ரூஃப் பார்த்த அனுபவம் எவ்வளவு பழையதானாலும் சரி. நடுவில் பல வருடங்கள் வேலையில் இல்லாதவர்களும் எழுதலாம், சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம். கம்பெனி தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கும் முன் எனக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புங்கள், நான் ரெஃபர் செய்கிறேன்.' அந்தக் கடைசி வரி முக்கியம். அவரவர் முதலிலேயே விண்ணப்பித்துவிட்டால் எங்கள் ரெஃபரல் செல்லாது. திங்கட்கிழமை காலை போட்டேன்.

மத்தியானத்துக்குள் மெசேஜ் கொட்ட ஆரம்பித்தது. நேரடியாக எழுதச் சொல்லியும் கீழே 'இன்ட்ரஸ்டட் மேம்' என்று கமெண்ட் போட்டுவிட்டுப் போனவர்கள் பாதி. என்ன வேலை என்றே படிக்காமல் ரெஸ்யூமே அனுப்பிய சிவில் இன்ஜினியர்கள் நாலு பேர். அறிமுகம் இல்லாதவர்கள் எழுதினால் அது தனியாக ஒரு பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒருவேளை அவளுடையது அதில் இருக்குமோ என்று அதையும் ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்தேன். வரவில்லை.

புதன்கிழமை அவள் பெயர் வந்தது. திறந்தால், மெசேஜ் இல்லை. கமெண்ட். நாலே எழுத்து: சி.எஃப்.பி.ஆர். இந்தப் பதிவு இன்னும் நிறையப் பேர் கண்ணில் படட்டும் என்று கமெண்ட் போடுகிறேன், என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்யும் உதவி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன திமிர் இவளுக்கு! வேலை வேண்டும் என்று வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன், அவளோ மற்றவர்களுக்கு வழி காட்டுகிறாள். பதில் போடவில்லை. வியாழன், வெள்ளி என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கேட்டார். வந்ததில் நல்ல ரெஸ்யூமே ஒன்றை, அபிராமபுரத்துப் பெண் ஒருத்தியுடையதை, ஆபீஸ் போர்ட்டலில் ஏற்றினேன். எச்.ஆர். பேசினார்கள், டெஸ்ட் வைத்தார்கள், அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள். பதிவில் 'இடம் நிரம்பிவிட்டது, நன்றி' என்று சேர்த்தேன். அதற்கு முதலில் வந்த கைதட்டல் படம் அவளுடையது.

அதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசோக் நகருக்குக் கிளம்பிவிட்டேன், சண்டை போடத்தான். இப்போது அவள் குடும்பத்தோடு இருப்பது அம்மா வீட்டில்தான்; குங்குமச் சிமிழோடு ஏறிய அதே மாடிப்படி. கதவைத் திறந்தவளின் தலை நரைத்திருந்தது.

"ஏண்டி எனக்கு ஒரு மெசேஜ் போடல?" உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்காகத்தான் போட்டேன். ஒரு ஒரு வார்த்தையும். படிச்சா தெரியலையா?"

"தெரிஞ்சுதே" என்றாள். "திங்கட்கிழமையே படிச்சேன். நமக்குன்னே எழுதியிருக்காளேன்னு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நீ கூப்பிடுவேன்னு போனைக் கையிலயே வச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூட."

நான் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம், இது ஊருக்குப் போட்டது போல, எனக்குன்னா வந்து கூப்பிட்டிருப்பாளேன்னு நினைச்சுக்கினேன். சரி, நமக்கில்லன்னாலும் நம்ம ஆளு போட்டிருக்கா, நாலு பேர் பாக்கட்டும்னு கமெண்ட் போட்டேன்." கொஞ்சம் சிரித்தாள். "மயிலாப்பூர்லேர்ந்து எவ்ளோ நேரம் ஆச்சு உனக்கு?"

"முக்கால் மணி."

"அவ்ளோதானே."

அழுதுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், அடுத்தவர் வீட்டு நாற்காலியில், மூக்கைச் சிந்திக்கொண்டு. அவள் கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் காப்பாற்றியது என் பயத்தைத்தான். வாசலில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதை ஆயிரம் பேருக்குச் சொல்லி, அவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவள் எழுந்து போய் டிவி மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரை எடுத்து வந்தாள். உள்ளே ரெஸ்யூமே. கீழே அந்தத் திங்கட்கிழமைத் தேதி. கூடவே இரண்டு போட்டோ.

"இப்போ யாரும் போட்டோ கேக்கறதில்லடி" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் உனக்குச் சொன்னதைத்தான் எடுத்து வச்சேன்."

கொடுப்பதற்கு என்னிடம் எந்த இடமும் இல்லை. அடுத்தது எப்போது காலியாகும் என்றும் தெரியாது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினாள். பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதான் உன் கையில இருக்கே, நான் எதைப் பாத்துப் படிக்கிறது?" என்றாள்.

"உன் கதைதானே. மனசுலேர்ந்து படி."

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். "ப்ரூஃப் ரீடர் கமா தி. நகர் கமா ஐந்து வருடம் ஃபுல்ஸ்டாப்." குரல் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வரி, அவள் வீட்டிலேயே இருந்த வருடங்களையெல்லாம் தாண்டி நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது; அதை நான் பேனாவால் தொட்டுக் காத்திருந்தேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.