வரிசையில் நின்ற மூன்று செய்திகள்

பேஜர் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலத்தில் தி. நகரில் எங்களுக்கு இரண்டு மாடி. கீழே பெண்கள் போனில் செய்தி கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். அது மேல்மாடிக் கம்ப்யூட்டரில் வரிசையாகச் சேரும். ஒரு சின்ன புரோகிராம் அதை ஒவ்வொன்றாக எடுத்து டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பி, பதில் வந்ததும் அடுத்ததை எடுக்கும். நாங்கள் அதை ‘வொர்க்கர்’ என்போம். அது சில சமயம் பதிலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

நின்றால் என்ன செய்வது என்று என் சீனியர் ரன்புக் என்று ஒரு கையேடு எழுதியிருந்தார். மயிலாப்பூர்க்காரர், கண்டிப்பான பெண்மணி. பழைய வொர்க்கரை நிறுத்து, அது உண்மையாகவே போய்விட்டதா என்று பார், போன பிறகுதான் ‘ஒரு வொர்க்கர் ஓடுகிறது’ என்று காட்டும் பூட்டுக் கோப்பை அழி, இல்லையென்றால் இரண்டு வொர்க்கர்கள் ஓடி ஒரே செய்தி இரண்டு முறை போகும், பிறகு கிளப்பு, வரிசை குறைகிறதா என்று பார். இரண்டாவது முறையும் நின்றால் மூன்றாவது முறை தொடாதே, என்னைக் கூப்பிடு. வரிசை நூற்றுக்கணக்கில் நீண்டாலும் கூப்பிடு. அந்த அளவு வந்தால் கீழே மணி அடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. அசோக் நகரில் சாப்பிட்டுக் கை கழுவும்போது வீட்டு போன் அடித்தது. கீழ்மாடியில் செய்தி வாங்கும் பெண்.

“சார், ஒரு அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. தம்பிக்கு மெசேஜ் போவலியாம். இன்னா சொல்றது?”

“மணி அடிச்சுதா?”

“இல்ல சார். வரிசை கம்மியாத்தான் கீது.”

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். வொர்க்கர் உயிரோடு இருந்தது, ஆனால் காலையிலிருந்தே எதையும் அனுப்பவில்லை. புத்தகத்தில் உள்ளபடி நிறுத்தி, பூட்டை அழித்துக் கிளப்பினேன். முதலில் இருந்த செய்தியை எடுத்தது; நின்றது. மறுபடி செய்தேன். அதே செய்தியில் அதே நிற்றல். சீனியர் வீட்டுக்கு போன் போட்டேன்.

“இனிமே தொடாதே. அந்த ஒரு மெசேஜை எடுத்துத் தனியா வை, அதுல ஏதோ கோளாறு இருக்கு. ஆனா கிளப்பறதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் என்னென்னன்னு பாரு. நான் வந்துண்டே இருக்கேன்.”

அவர் வந்தபோது நான் கோளாறான செய்தியைத் தனியே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மற்றவற்றில் ஒரே பேஜருக்கு மூன்று செய்திகள். அம்மாவுக்கு சீரியஸ், அபிராமபுரம் நர்ஸிங் ஹோமுக்கு உடனே வா. எங்கே இருக்கிறாய், அம்மா உன்னைக் கேட்கிறாள். அம்மா போய்விட்டாள்.

கிளப்பினால் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக அந்தத் தம்பியின் இடுப்பில் அதிரும். நர்ஸிங் ஹோமுக்கு நாங்களே போன் செய்து அக்காவை லைனுக்கு வரவழைத்தோம். சீனியர்தான் பேசினார்.

“தப்பு எங்க மேல. மெஷின் நின்னு போயிடுத்து. உங்க தம்பிக்கு எதுவுமே வந்து சேரலை. முதல் ரெண்டையும் நிறுத்திடட்டுமா?”

மறுமுனையில் யாரோ அழும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அக்கா சொன்னார்: “எல்லாத்தையும் அனுப்புங்க. எத்தனை தடவை கூப்பிட்டோம்னு அவனுக்குத் தெரியணும்.”

சீனியர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிளப்பினேன். சட்டென்று வரிசை காலியானது.

சில நாள் கழித்து அந்தத் தம்பி வந்தான். மொட்டை அடித்திருந்தான். சண்டை போட வரவில்லை. எங்கள் மேனேஜர் எதிரே உட்கார்ந்து, செய்திகளை வாங்கிய நேரமும் அனுப்பிய நேரமும் போட்டு ஒரு தாள் கேட்டான்.

“அக்கா நம்ப மாட்டேங்கறா சார். மிஷின் கதையெல்லாம் நான் சொல்லிக் குடுத்து உங்களைப் பேச வெச்சேங்கறா. எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளா பேச்சு இல்ல.”

கம்பெனி அப்படி எதையும் எழுத்தில் தராது என்றார் மேனேஜர். அவன் பேஜரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். சீனியர் கைப்பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே படியிறங்கினார். நானும் போனேன்.

அவன் எங்களை அழைத்துப்போன அபிராமபுரத்து வீட்டில் அந்த அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். வொர்க்கர், வரிசை, டிரான்ஸ்மிட்டர் என்று சீனியர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை செய்திகள் குறைவு, அதனால் மணி அடிக்கும் அளவுக்கு வரிசை நீளவில்லை என்றும் சொன்னார்.

“மணி எப்ப அடிக்கணும்னு யார் வெச்சது?”

“நான்தான்.”

“அம்மா கேட்டுக்கிட்டே இருந்தா” என்றார் அக்கா. தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் தெருவிலேயே நின்றான். நாங்களும் கூட நின்றோம். பிறகு அவன் சீனியரிடம், “நீங்க கிளம்புங்க மேடம்” என்றான்.

ஆபீசுக்குத் திரும்பியதும் சீனியர் ரன்புக்கில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே; முதலில் நிற்கும் செய்தி எவ்வளவு பழையது என்று பார். கால் மணி நேரத்துக்கு மேல் என்றால், ஒரே ஒரு செய்தியாக இருந்தாலும் கூப்பிடு. மணியையும் அதன்படி மாற்றினோம். அதற்குப் பிறகு பலமுறை அது சரியான நேரத்தில் அடித்தது. ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன் அவர் வரிசையில் உள்ள செய்திகளை வாய்க்குள் படித்துக்கொண்டே போவார்.