சீப்பில் முடிந்த நாவல்

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பதிப்பகத்தார், "கடைசி அத்தியாயத்தை நம்ப முடியவில்லை. மாற்றித் தந்தால் போடுகிறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அங்கே தரப் பரிசோதகர். ஆகவே அவர் என்னிடம் கொடுத்தார்.

கதை இதுதான். அக்காளும் தங்கையும் திருப்பூரில் ஒரே அறையில் இருந்து வேலைக்குப் போகிறார்கள். தங்கையைப் பெண் கேட்டு வந்த கடிதத்தை, தனியாகிவிடுவோம் என்ற பயத்தில் அக்காள் மறைத்துவிடுகிறாள். தங்கைக்கு அது தெரியாது; வேறு ஏதோ சண்டையில் பேச்சை நிறுத்தி ஊருக்குப் போய்விடுகிறாள். கடைசியில் திடீரென்று வந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். சுபம்.

துணியில் குறை தெரிந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. கதையிலும் ஒட்டினேன். பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகள் மொத்தம் ஏழு; பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து அறை ஒடிசாப் பெண் தையல் கற்றாளா, சூப்பர்வைசர் ஏன் காணாமல் போனார், இப்படி. "கடைசி அத்தியாயத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாரா எழுதிடுங்கக்கா" என்றேன்.

எழுதி வந்தார். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வாசித்துக்காட்டிய அக்கா பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"எல்லாரும் வரிசையா வந்து நிக்காவ மேடம். கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரில்லா இருக்கு!"

தப்பு என்னுடையது. குறையைக் கண்ட இடத்திலேயே அம்பு ஒட்டிப் பழகிய கை.

அடுத்த மாதம் அவர் செய்ததை இன்றும் வியக்கிறேன். ஒடிசாப் பெண்ணின் கதையைப் பதினெட்டாம் அத்தியாயத்திலேயே இரண்டு வரியில் முடித்துவிட்டார்: அவள் தைத்த முதல் பாவாடை கொடியில் காய்கிறது. இன்னும் ஐந்து கேள்விகளும் அப்படியே முன்னுக்குப் போயின. கடைசி அத்தியாயத்தில் அக்காளும் தங்கையும் மட்டும்.

இப்போது தங்கை தன் மீதித் துணிகளை எடுக்கத்தான் வருகிறாள். அக்காள் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, மறைத்ததைச் சொல்லிவிடுகிறாள். தங்கை படிக்கிறாள். விடிகாலை பஸ்ஸுக்குப் பை கட்டிய பிறகு, சீப்பை எடுத்து அக்காள் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்காருகிறாள். அக்காள் பின்னிவிடுகிறாள். தங்கை கிளம்பிப் போகிறாள்.

நான் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். தினமும் ஷிஃப்டுக்கு முன்னால், சண்டை போட்ட நாளிலும்கூட, அக்காள்தான் பின்னிவிடுவாள். இரண்டு பல் உடைந்த அதே சீப்பு. முதல் பிரதியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

"மன்னிச்சிட்டாளுங்களா?"

"அவகிட்டல்லா கேக்கணும்."

"சூப்பர்வைசர் என்ன ஆனாருங்க?"

"நெசத்துல மட்டும் யாராவது சொல்லிட்டா போறாவ? அவர விடுங்க மேடம்."

பட்டியலில் ஆறை அடித்தேன். ஏழாவதை அடிக்காமலே மூடிவைத்தேன். பதிப்பகத்தார் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்ட செய்தி வந்த அன்று, அக்கா மெஷினை நிறுத்தி அதை இரண்டு முறை படித்தார். பிறகு அன்றைய பீஸை முடிக்கக் குனிந்துகொண்டார்.