அச்சேறாத முட்டைச் செய்தி

வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பேரையூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அம்மாள், பிள்ளைகளின் முட்டையை எதிரே உள்ள மளிகைக்கடைக்கு விற்கிறாராம். படம் இல்லை, துண்டுச் சீட்டுகூட இல்லை. போன் போட்டேன்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நா பாக்கலண்ணே. ஊருக்கே தெரியும்."

"பாத்த ஒருத்தரச் சொல்லுங்க."

"அத நீங்கதான் விசாரிக்கணும். பேப்பர்காரக எதுக்கு இருக்கீக?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மதுரை அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "ஒரு வரி அடிக்காதய்யா. மொதல்ல போய்ப் பாரு" என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். இறங்கியதும் நான் செய்ததுதான் மடத்தனம். நேரே அந்தக் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே, "சத்துணவு முட்டை இங்க வருதாமே?" என்று கேட்டுவிட்டேன். முட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் நிருபராக இருந்து என்ன பிரயோஜனம்! கடைக்காரர் அட்டை அட்டையாக எடுத்துக் காட்டினார். பள்ளி முட்டையில் குத்தும் முத்திரை ஒன்றில்கூட இல்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டையும் முட்டை இருப்புப் பதிவேட்டையும் எடுத்து வைத்தார். நானாகச் சில நாட்களைப் பொறுக்கி ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிள்ளைகளிடம் நேற்று என்ன சாப்பாடு என்று மட்டும் கேட்டேன். முட்டை என்றார்கள்.

சமையல்கூடத்துக்குப் போனால், வாசலில் இரண்டு தாய்மார்கள் முட்டையை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அம்மாளின் முகம் வெளிறிக் கிடந்தது.

"கடையில நீங்க கேட்ட சேதி, நீங்க வாரதுக்கு முந்தியே இங்க வந்துருச்சு சார். பேப்பர்ல போடப் போறீகளா?"

புகாரைச் சொல்லி அவர் பதிலைக் கேட்டேன். "ஒத்த முட்டை வெளிய போகல சார்."

"எங்கிட்ட ஆதாரம் எதுவும் இல்லம்மா. போட மாட்டோம்."

"அப்ப நான் எடுக்கலன்னாவது ஒரு வரி போடுங்க சார். நாளைக்கும் நான் இங்கதான சமைக்கணும்?"

அவர் எடுக்கவில்லை என்று போட, எடுத்தார் என்ற பேச்சை முதலில் போட வேண்டும். மாவட்டம் முழுக்கப் படிக்கும். அதைச் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

மனசு கேட்கவில்லை. திரும்பும்போது அதே கடையில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "நல்லா விசாரிச்சுட்டேன். அந்தம்மா மேல தப்புன்னு சொல்ல எதுவுமே இல்ல."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்புட்டுச் சீக்கிரம் ஒங்களக் கவனிச்சுட்டாகளா சார்?"