குழாய் பார்க்க வந்தவர்

அந்த ஹார்டுவேர் கடைக்காரரை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது. அதனால் அவரைப் பற்றிப் பேசப்போவதில்லை. பேசப்போவது என் கொழுந்தனைப் பற்றி. ஆனால் என்ன செய்வது, இவன் கதையைச் சொன்னால் அந்த ஆள் நடுவில் வந்து நிற்கிறார்.

என் கொழுந்தனுக்குக் குழாய் வேலை. பதினாறு வயதில் பைப் ரெஞ்சைக் கையில் எடுத்தவன், நாற்பதைத் தொட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் செருப்பை வாசலிலேயே விடுவான். குழாயைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டான், குழாயைப் பற்றித் தவிர வேறெதுவும் கேட்க மாட்டான். "அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு அண்ணி" என்பான். நல்ல பழக்கம்தான். அதுதான் அவனைக் கவிழ்த்தது.

அவனுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டிலும் பலமில்லை. சக்கர நாற்காலி இருக்கிறது. ஆனால் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் எட்டுப் படி. தினமும் காலையில் மகளைத் தூக்கி இறக்கி, திரும்ப ஏறி நாற்காலியை இறக்கி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். பெண்ணும் வளர்கிறாள். இன்னும் எத்தனை வருஷம் தூக்க முடியும்?

அப்போதுதான் ஹார்டுவேர் கடைக்காரர் தன் வீடு காலியாகப் போகிறது என்று சொன்னார். கொழுந்தன் பதினைந்து வருஷமாகக் குழாய் சாமான் வாங்குகிற கடை. வீடு தரைத்தளம், வாசலில் ஒரு படிகூட இல்லை. தெருக்கோடியில் பள்ளிக்கூடம். சிட்டு தானே உருட்டிக்கொண்டு போய்விடலாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள், "நான் தனியா போவேன், யாரும் கூட வரக் கூடாது" என்று எங்களிடமெல்லாம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை நானே அடித்துக் கொடுத்தேன். ஒன்றாம் தேதி வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினேன். "இப்ப இருக்கறவங்க அந்தத் தேதிக்குள்ள போகலைன்னா என்னன்னும் ஒரு வரி சேர்க்கலாம் தம்பி" என்றேன். கொழுந்தன் கையைப் பிடிக்காத குறைதான். "வேண்டாம் அண்ணி, தெரிஞ்ச மனுஷன். சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்."

வீட்டைப் பார்க்கக் கடைக்காரர்தான் கூட்டிப்போனார். அங்கே குடியிருந்தது ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். கொழுந்தன் வாசல் அகலத்தை அளந்தான், குளியலறைக் கதவை அளந்தான். நாற்காலி தாராளமாக நுழையும். அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் சரிசெய்து கொடுத்தான். நாம் வரப்போகிற வீடுதானே என்று. பத்து நாள் கழித்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி போய், குளியலறைச் சுவரில் சிட்டுவின் உயரத்துக்கு ஒரு ஸ்டீல் கைப்பிடிக் கம்பியும் பொருத்திவிட்டு வந்தான். தையல்காரரின் மனைவி காபி கொடுத்தாராம். அடுத்த முறை குழாய் ஒழுகினால் கூப்பிட வசதியாக இருக்குமென்று இவன் நம்பரை வாங்கிக்கொண்டு, தங்கள் நம்பரையும் கொடுத்தார்களாம். எப்போது காலி செய்கிறீர்கள் என்று இவன் வாயைத் திறந்து கேட்டானா? கேட்கவில்லை. போகிறவர்களை அவசரப்படுத்துவது மரியாதையில்லையாம்.

ஒன்றாம் தேதி காலை பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அடுத்துக் குடிவருகிறவர்கள் வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இவர்கள் சாமான் ஏற்றிய மினி லாரியோடு புது வீட்டுக்குப் போனால், ஜன்னலில் திரைச்சீலை அப்படியே இருக்கிறது. கொடியில் துணி காய்கிறது. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம். கொழுந்தன் கதவைத் தட்டவில்லை. தெருமுனையில் நின்று கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அவங்க மூட்டை கட்டிக்கிட்டுத்தாம்பா இருக்காங்க. ரெண்டே நாள். நீ போய் அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டு வைக்காத, மனசு கஷ்டப்படுவாங்க."

லாரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

இரண்டு நாள் நான்கானது, நான்கு ஏழானது. தையல்காரருக்குக் காய்ச்சல் என்றார் கடைக்காரர். பிறகு அவர்கள் போகப்போகிற வீட்டில் சுண்ணாம்பு காயவில்லை என்றார். ஒவ்வொரு நாளும் ஒரு புளுகு. கொழுந்தன் தினமும் அறுபத்திநாலு படி மகளைத் தூக்கி இறக்கினான், சாயங்காலம் தூக்கி ஏற்றினான். ஹாலில் பீரோ, கட்டில், பாத்திர மூட்டை. என் ஓரகத்தி சமையலறையில் எனக்கு முன்னால் எழுந்து, நான் வைக்கிற இடத்தில் எதையும் வைக்காமல், எங்கே வைப்பது என்றும் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆறாம் நாள் என் தங்கைக்குப் போனில், 'இன்னும் காலி பண்ணல. சொந்த வீட்ல நடக்க இடமில்ல' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு மறந்தும்போனேன்.

ஏழாம் நாள் கடைக்காரருக்கு என்ன எழுதுவது என்று கொழுந்தன் கேட்டான். அவன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தால் எனக்குத் தலையிலடித்துக்கொள்ளத் தோன்றியது. 'ஐயா, உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு வருந்துகிறேன்' என்று ஆரம்பித்திருந்தான். தொந்தரவு கொடுத்தது யார், வருந்துவது யார். போனைப் பிடுங்கி நானே அடித்தேன்.

'ஐயா, நம் ஒப்பந்தப்படி ஒன்றாம் தேதி வீட்டைக் காலியாக என்னிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். இன்று ஏழாம் தேதி. முன்பிருந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். என் பழைய வீட்டை நான் கொடுத்துவிட்டேன். சாவி கைக்கு வரும் நாளிலிருந்துதான் வாடகை கணக்கில் வரும். பத்தாம் தேதிக்குள் சாவி தர முடியுமா முடியாதா என்று எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் அட்வான்ஸையும், சாமான் ஏற்றி இறக்கிய செலவையும் திருப்பித் தர வேண்டும்.'

"ரொம்பக் காரமா இருக்கே அண்ணி."

"இதுல உப்புகூட இல்ல. அனுப்பு."

அனுப்பினான். அத்தோடு நின்றானா? தையல்காரர் பாவம், அவர் காதுக்கு இது வேறு யார் மூலமாகவோ போனால் வருத்தப்படுவாரே என்று, என்னிடம் சொல்லாமல் அவருக்கும் ஒரு செய்தி போட்டிருக்கிறான். 'உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணே. உடம்பு தேறியதும் எந்தத் தேதியில் காலி செய்வீர்கள் என்று மட்டும் சொன்னால் உதவியாக இருக்கும். என் மகளுக்காகக் கேட்கிறேன்.'

கடைக்காரர் பதில் போடவில்லை. தையல்காரர் ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். கொழுந்தன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"நீங்க குழாய் பார்க்க வந்தவர்தானே? நாங்க எதுக்குக் காலி பண்ணணும்?"

"இல்லண்ணே, ஒண்ணாம் தேதி நீங்க போறதா..."

"எங்களை யாரும் போகச் சொல்லலையே. குழாய் ரிப்பேருக்கு ஆள் அனுப்பறேன்னு சொல்லித்தான் ஓனர் உங்களைக் கூட்டிட்டு வந்தார். கம்பியும் எங்க வயசுக்காகப் போடறதா சொன்னார்." மனைவியிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். "போன மாசம் வாடகையை ஏத்திக் கேட்டார். முடியாதுன்னேன். வேற பார்ட்டி ரெடியா இருக்கு, அக்ரிமெண்டே போட்டாச்சுன்னு ஒரு தாளைக் காட்டினார். பயந்துபோய் போன வாரம் ஒத்துக்கிட்டேன். அந்தப் பார்ட்டி நீங்களா?"

நான் அடித்த தாள். கமா, புள்ளி பார்த்துப் பார்த்து நான் அடித்துக் கொடுத்த தாளை வைத்து அந்த ஆள் ஒரு கிழவரை மிரட்டியிருக்கிறார். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கொழுந்தனோடு கடைக்குப் போனேன். ஒப்பந்த நகலைக் கல்லாவின் மேல் வைத்தேன். தங்களைக் காலி செய்யச் சொல்லவே இல்லை என்று தையல்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த கடிதத்தை அதன்மேல் வைத்தேன். அந்த ஆள் முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே. நட்டு போல்ட்டைத் தராசில் கொட்டிக்கொண்டே பேசினார்.

"நான் என்னம்மா பண்ணட்டும், அவர் கூடக் கொடுக்கறேன்னுட்டார். வியாபாரம்."

"அப்ப ஏழு நாளா ரெண்டு நாள், ரெண்டு நாள்னு ஏன் இழுத்தீங்க?"

"அவர் மாத்திச் சொல்லிட்டார்னா இவர் கையில இருக்கட்டுமேன்னுதான்."

இதைச் சொல்லும்போது குரலில் கூச்சநாச்சம் ஒன்றும் இல்லை. விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் கல்லா திறந்தது. அட்வான்ஸ் வந்தது, லாரிச் செலவும் வந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஒரு குழாயை எடுத்துக் கொழுந்தன் முன்னால் வைத்தார். "இத வெச்சுக்கப்பா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

கொழுந்தன் அதைத் தொடவில்லை. "அந்தக் கம்பியைக் கழட்டிக்கிறேன்" என்றான்.

"செவுத்துல போட்டாச்சே. அது இனிமே வீட்டோடது."

த்தூ என்று துப்பிவிட்டு வந்தேன். கடைவாசலில்தான் துப்பினேன். எனக்கு வருத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியடித்தது. கதவைத் திறந்தால் தையல்காரர். அறுபத்திநாலு படி ஏறி வந்த மூச்சிரைப்பு. கையில் துணிப்பை, அதில் அந்தக் கம்பி. ஸ்க்ரூக்களைத் தனியாக ஒரு பட்டன் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"நானே கழட்டிட்டேன். கேட்டா துருப்பிடிச்சு விழுந்திடுச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார். சிட்டுவையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காராமல் இறங்கிப் போய்விட்டார்.

கொழுந்தன் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். இனி வேறு வீடு தேட வேண்டும். தரைத்தளம், படியில்லாத வாசல், அகலக் கதவு, பக்கத்தில் பள்ளிக்கூடம். அப்படி ஒன்று அமைய மூன்று வருஷம் ஆகியிருந்தது. சிட்டு என் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். தினமும் அதில்தான் விளையாடுகிறாள்.

நிமிராமலேயே கேட்டாள். "பெரியம்மா, நாங்க எந்தத் தேதிக்குள்ள காலி பண்ணணும்?"

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஓரகத்தி சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். என் தங்கைக்கு நான் அனுப்பியதை அவளும் படித்திருக்கிறாள். கொழுந்தனும் படித்திருப்பான். படித்துவிட்டுத்தான் மூன்று நாளாக, "அண்ணி, உங்களுக்குச் சிரமம்" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். கடைவாசலில் துப்பிய வாய் எனக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"தம்பி, டிரில் மிஷின் எந்த மூட்டையில இருக்கு?" என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"நம்ம பாத்ரூம்ல கம்பியைப் போடு."

"டைல்ஸ் புதுசா போட்டிருக்கீங்க. ஓட்டை விழுந்துடும். அப்புறம் மறைக்க முடியாது."

"விழட்டும்."

சிட்டுவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். கனத்தாள். இதைத்தான் அவன் தினமும் இரண்டு முறை சுமக்கிறான். அவள் கையை நீட்டி உயரத்தைக் காட்ட, கொழுந்தன் பென்சிலால் கோடு போட்டான்.

"பெரியம்மா, தேதி சொல்லவே இல்லையே" என்றாள்.

டிரில் ஓட ஆரம்பித்துவிட்டது. டைல்ஸ் தூள் என் முகத்தில் தெறித்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது எனக்கு வசதியாக இருந்தது.